குடியிருப்பவரோடு ஃபிளாட்டை விற்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

"தற்போது வாடகைக்கு விடப்பட்டுள்ளது." சென்னையில் பழைய ஃபிளாட்டை விற்க விளம்பரம் போடுகிறவர்கள் குடியிருப்பவரைப் பற்றிப் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். வாங்க வருகிறவருக்கு இதிலிருந்து எதுவும் தெரியாது. உள்ளே இருப்பவர் எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறார், அது எப்போது முடிகிறது, மாதம் எவ்வளவு தருகிறார், சாவி என் கைக்கு என்றைக்கு வரும் என்று அவருக்கு நிறையக் கேள்விகள். பதில் கிடைக்காதவர் பத்து லட்சம் குறைத்துக் கேட்பார், அல்லது போன் செய்வதையே விட்டுவிடுவார். கிரைய ஒப்பந்தம் போட்டு முன்பணமும் கொடுத்த பிறகு உண்மை தெரியவந்து எல்லாம் முறிவதுதான் இருப்பதிலேயே மோசம்.

முதல் தவறு, வாடகையா லீஸா என்று சொல்லாமல் விடுவது. நம் ஊரில் லீஸ் என்றால் மாத வாடகை கிடையாது. குடியிருப்பவர் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்திருப்பார், காலி செய்யும்போது அந்தத் தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும். 60 லட்சம் விலை சொல்லும் ஃபிளாட்டில் ஒருவர் 8 லட்சம் லீஸுக்கு இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 8 லட்சத்தை உரிமையாளர் எப்போதோ செலவு செய்திருப்பார், வாங்குபவரின் பணம் வந்தால்தான் அவரால் திருப்பித் தர முடியும். ஆனால் பணம் கைக்கு வராமல் குடியிருப்பவர் காலி செய்யமாட்டார், வீடு காலியாகாமல் வாங்குபவர் முழுப் பணத்தைத் தரமாட்டார். இந்த முடிச்சைப் பத்திரப் பதிவு நாளில் அவிழ்க்க முடியாது, பேச்சு தொடங்கும்போதே அவிழ்த்துவிட வேண்டும். லீஸ் தொகை இவ்வளவு, அதை மீதிப் பணத்திலிருந்து குடியிருப்பவர் பெயருக்கே தனி டிடியாக எடுத்துக் கொடுத்துவிட்டு அன்றே சாவி வாங்கிக்கொள்ளலாம் என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். வாங்குபவர் வங்கிக் கடன் வாங்குகிறார் என்றால் வங்கி வழக்கமாக விற்பவர் பெயரில்தான் டிடி கொடுக்கும், ஆகவே அந்த 8 லட்சம் அவர் கைப்பணத்திலிருந்து வர வேண்டியிருக்கலாம். இது அவருக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்று, பதிவு செய்யாத லீஸ் வில்லங்கச் சான்றிதழில் வராது. "வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது" என்று காட்டிவிட்டு லீஸைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால், அது தெரியவரும் நாளில் நீங்கள் சொன்ன மற்ற எதையும் அவர் நம்பமாட்டார். நியாயமும் அதுதான்.

அடுத்தது, "காலி செய்து தருகிறோம்" என்று தேதி இல்லாமல் சொல்வது. என் பார்வையில் பேரங்களை அதிகம் கெடுப்பது இதுதான். வீட்டை விற்கிறேன் என்பதற்காக மட்டும், ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரை வெளியேற்ற முடியாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எந்தெந்தக் காரணங்களுக்காக வெளியேற்றலாம் என்று வரிசையாகச் சொல்கிறது, அதில் விற்பனை என்பது மட்டுமே ஒரு காரணமாக இல்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி, வாங்குபவர் விற்பவரின் இடத்தில் போய் நிற்கிறார், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும் வாடகை ஒப்பந்தம் பெயர் மாறியதும் தானாக ரத்தாகிவிடாது.

அதனால் வாங்குபவர் முன்னால் வைக்கக்கூடிய வழிகள் மூன்றுதான். குடியிருப்பவர் அப்படியே தொடர்வார், நீங்கள் வாடகை வாங்கிக்கொள்ளலாம் என்பது ஒன்று. பதிவு நாளில் வீடு காலியாக இருக்கும் என்பது இன்னொன்று. மூன்றாவது, இப்போது பதிவு, குறிப்பிட்ட தேதியில் காலி என்பது. இவற்றில் எது சாத்தியம் என்று குடியிருப்பவரிடம் பேசிப் பார்க்காமல் விளம்பரம் போடாதீர்கள்.

ஒரு கணக்கோடு பார்ப்போம். மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், விலை 75 லட்சம். வாடகை 18,000, அட்வான்ஸ் 1 லட்சம். ஒப்பந்தம் ஜூன் 1 தொடங்கி 11 மாதம், ஏப்ரல் 30இல் முடிகிறது, இரு தரப்புக்கும் இரண்டு மாத நோட்டீஸ். குடியிருப்பவரின் பையன் பக்கத்துப் பள்ளியில் படிக்கிறான், தேர்வு முடிகிற வரை நகர முடியாது என்கிறார். உரிமையாளர் டிசம்பரில் விற்க வருகிறார். இங்கே முதலீட்டுக்காக வாங்குபவரிடம் முதல் வழியைச் சொல்லலாம். தானே குடிவர நினைப்பவரிடம் நேர்மையாகச் சொல்லக்கூடியது மூன்றாவது வழி மட்டுமே: ஜனவரியில் பதிவு, ஏப்ரல் 30 காலி. அதற்கு உறுதியாக, மீதித் தொகையில் 3 லட்சத்தை வாங்குபவர் பிடித்து வைத்துக்கொண்டு சாவி கிடைத்த அன்று தருவார், அதுவரை வரும் வாடகை அவருக்கே, ஏப்ரல் 30 தாண்டினால் ஒவ்வொரு மாதத்துக்கும் இவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்று கிரைய ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். வங்கிக் கடனில் வாங்குகிறவர் என்றால் இந்தப் பிடித்தத்துக்கு வங்கி ஒத்துக்கொள்கிறதா என்று முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் முக்கியமானது, ஏப்ரல் 30இல் காலி செய்வதாகக் குடியிருப்பவர் கையெழுத்திட்ட கடிதம். வாய்வார்த்தையை நம்பி நீங்கள் வாங்குபவரிடம் தேதி கொடுத்தால், அந்தத் தேதியைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

மூன்றாவது தவறு வாடகையை ஊதிச் சொல்வது. மேலே சொன்ன ஃபிளாட்டில் குடியிருப்பவர் மாதம் 20,500 அனுப்புகிறார், அதில் 2,500 அசோசியேஷன் பராமரிப்பு. விளம்பரத்தில் "மாத வருமானம் 20,500" என்று போட்டால் அது தவறான தகவல். சரியான கணக்கு 18,000 பெருக்கல் 12, அதாவது ஆண்டுக்கு 2,16,000. 75 லட்சத்துக்கு இது 2.88 சதவீதம். இதிலிருந்து உரிமையாளர் கட்டும் சொத்து வரியும் தண்ணீர் வரியும் போக வேண்டும். பராமரிப்பும் உரிமையாளர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருந்தால் ஆண்டுக்கு இன்னும் 30,000 போய்விடும். முதலீட்டுக்காக வருகிறவர் இந்தக் கணக்கை எப்படியும் போடுவார், நீங்களே போட்டுக் கொடுத்துவிடுங்கள். இதோடு கடைசி ஆறு மாத வாடகை வங்கியில் வரவு வைக்கப்பட்ட பக்கத்தைக் காட்டினால் போதும், வேறு பேச்சே தேவையில்லை. "இந்த ஏரியாவில் 25,000 வரை போகும்" என்பது உங்கள் கணிப்பு, வேண்டுமானால் அதைக் கணிப்பு என்றே தனியாகச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடியும் வரை புது உரிமையாளருக்கும் அதே 18,000தான்.

அட்வான்ஸ் விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். குடியிருப்பவர் தொடர்வார் என்றால் அந்த 1 லட்சத்தைப் பிற்பாடு திருப்பித் தரப்போவது வாங்குபவர். எனவே அதைப் பதிவு நாளில் அவரிடம் கொடுக்க வேண்டும், அல்லது மீதிப் பணத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். கழித்துக்கொண்டால் விலை 74 லட்சமாகிவிடாது. விலை 75 லட்சமேதான், பத்திரத்திலும் அதுவே வரும். 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் சொத்துக்கு வாங்குபவர் பிடிக்க வேண்டிய 1 சதவீத டிடிஎஸ்ஸும் முழு விலைக்குத்தான். எவ்வளவு அட்வான்ஸ் என்று விற்பவர் ஒரு தொகை சொல்ல, குடியிருப்பவர் இன்னொரு தொகை சொல்வது அடிக்கடி நடக்கிறது, நடுவில் பெயிண்டிங்குக்குக் கழித்தது, இரண்டு மாத வாடகையை அதில் சரிக்கட்டியது என்று ஏதாவது இருக்கும். வாங்குபவர் வீடு பார்க்க வருவதற்கு முன்பே இருவரும் உட்கார்ந்து ஒரே தொகைக்கு வந்து எழுதி வைத்துவிடுங்கள்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஒப்பந்தம் முடிந்தும் புதுப்பிக்காமல் வாடகை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறீர்களா? அதை அப்படியே சொல்லுங்கள். பழைய தாளை நீட்டி "ஒப்பந்தம் இருக்கிறது" என்றால், தேதியைப் பார்த்தவுடன் வாங்குபவரின் வக்கீல் கேட்கத்தான் போகிறார். மேலே சொன்ன சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். 11 மாதம்தானே, பதிவு தேவையில்லை என்று நினைப்பவர்கள் சார்பதிவாளர் அலுவலகப் பதிவையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் சார்பதிவாளரிடம் போக வேண்டும், வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. செய்திருந்தால் அந்தப் பதிவு எண்ணை வாங்குபவரிடம் கொடுங்கள், செய்யவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

குடியிருப்பவருக்கு விஷயம் கடைசியில் தெரிய வருவது இன்னொரு பெரிய தவறு. முன்பின் தெரியாத புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரோடு வந்து கதவைத் தட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்தக் கோபத்தில் அவர் வருகிறவர்களிடம் தண்ணீர் ஒழுகுவதையும் பக்கத்து வீட்டுச் சண்டையையும் சேர்த்தே சொல்வார். விற்கும் எண்ணம் வந்தவுடன் நேரில் போய்ச் சொல்லுங்கள், அவரே வாங்க விரும்புகிறாரா என்றும் கேளுங்கள். வீடு காட்ட வாரத்தில் இரண்டு நேரத்தை அவரையே சொல்லச் சொல்லி, ஒவ்வொரு முறையும் முந்தின நாள் வாட்ஸ்அப்பில் தெரிவித்துவிடுங்கள். கடன் கொடுக்கும் வங்கியின் மதிப்பீட்டாளரும் ஒரு நாள் உள்ளே வந்து பார்ப்பார், அதற்கும் கதவைத் திறக்க வேண்டியவர் அவர்தான்.

புகைப்படம் எடுக்கும்போதும் அவர் சம்மதம் வேண்டும். அவர் வீட்டுக் குழந்தைகள் படம், பூஜையறை, திறந்து கிடக்கும் அலமாரி எல்லாம் விளம்பரத்தில் வரக்கூடாது. ஹாலில் தெரியும் ஏசி, இன்வெர்ட்டர், தண்ணீர் சுத்திகரிப்பான் எல்லாம் ஃபிளாட்டோடு வருகின்றன என்று வாங்குபவர் நினைத்துக்கொள்வார், அவை குடியிருப்பவருடையவை என்றால் படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள். கிச்சன் கபோர்டும் கீசரும் உங்களுடையவை என்றால் அதையும் எழுதுங்கள்.

குடியிருப்பவர் தொடர்கிறார் என்றால், பதிவு நாளில் மூன்று பேரும் கையெழுத்திடும் ஒரு கடிதம் தயாராக இருக்கட்டும்: இன்று முதல் உரிமையாளர் இவர், வாடகை இந்தக் கணக்கில், அட்வான்ஸ் 1 லட்சம் இவர் கைக்கு மாறிவிட்டது, மின்மீட்டர் அளவு இவ்வளவு. 30 நாள் மாதத்தில் 16ஆம் தேதி பதிவு என்றால் அந்த மாத வாடகையில் 9,000 விற்பவருக்கு, 9,000 வாங்குபவருக்கு. அதற்கு முந்தைய பாக்கி ஏதாவது இருந்தால், வேறு மாதிரிப் பேசிக்கொள்ளாத வரை அது விற்பவருக்குச் சேர வேண்டியது, பாக்கி எவ்வளவு என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.