நூறு வருட வெள்ளம் எப்படிப் பத்து வருடத்துக்குள் இரண்டு முறை வரும்?

2023 ஜூலையில் யமுனை டில்லிக்குள் ஏறி வந்தபோது, மயூர் விஹாரில் எங்கள் எதிர்வீட்டு மாமி ஒரு வார்த்தை சொன்னார். "பெரிய வெள்ளம் வந்தாச்சு. இனிமே நம்ம ஆயுசுக்கு வராது." 2025 செப்டம்பரில் மறுபடியும் சாலையோரம் தார்ப்பாய்க் கூடாரங்கள் முளைத்தன. ஆற்றங்கரைக் காய்கறித் தோட்டங்களில் இருந்தவர்கள் கட்டில், ஆடு, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிட்டார்கள். மாமி என்னைப் பிடித்துக்கொண்டார். "நூறு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு சொல்றேளே, இது என்ன கணக்கு?"

ஆற்று நீர்க் கணக்கு பார்க்கும் வேலையிலேயே என் காலம் போனது. அதனால் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. தவறு மாமியுடையது அல்ல, எங்கள் துறை வைத்த பெயருடையது. 'நூறு வருட வெள்ளம்' என்று கேட்டால் யாருக்கும் நாள்காட்டிதான் நினைவுக்கு வரும், மகாமகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவது போல. உண்மையில் அந்தப் பெயரில் இடைவெளியே கிடையாது. ஓர் ஆற்றில், ஒரு குறிப்பிட்ட இடத்தில், எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவைத் தொடவோ தாண்டவோ நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உள்ள வெள்ளம் என்பதுதான் அதன் பொருள்.

மாமிக்குப் புளியங்கொட்டை வைத்துத்தான் விளக்கினேன். ஒரு பையில் நூறு கொட்டை. தாயம் ஆடத் தேய்ப்பது போல ஒன்றை மட்டும் வெள்ளையாகத் தேய்த்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஜூன் மாதமும் பார்க்காமல் கைவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளைக் கொட்டை வந்தால் அந்த வருடம் நூறு வருட வெள்ளம். முக்கியமான விஷயம், எடுத்ததைத் திரும்பப் பைக்குள் போட்டுக் குலுக்கிவிட வேண்டும். மாமியின் கணக்கில் வெள்ளைக் கொட்டை வெளியே வந்ததோடு கதை முடிந்தது, பையில் இனி கறுப்பு மட்டும்தான். ஆறு அப்படி எடுத்து வைப்பதில்லை. போன வருடம் என்ன வந்தது என்று பைக்குத் தெரியாது.

சரி, பத்து வருடத்தில் இரண்டு முறை வருவது எவ்வளவு அரிது? இங்கேதான் படித்தவர்களும் கேள்வியை மாற்றிக் கேட்டுவிடுகிறார்கள். ஒரு வருடம் வெள்ளம் வராமல் போகும் வாய்ப்பு 0.99. அதைப் பத்து முறை பெருக்கினால் சுமார் 0.904. ஆக, பத்து வருடத்தில் ஒரு முறையாவது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 9.6 சதவீதம். இன்றைக்குக் கிளம்பி, வரும் பத்து வருடத்தில் இரண்டு முறையாவது வருமா என்று கேட்டால் 0.43 சதவீதம்தான், அதாவது 234-ல் ஒன்று. இந்த எண்ணைப் பார்த்துத்தான் 'நடக்கவே நடக்காது' என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் நாம் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது முதல் வெள்ளம் ஏற்கெனவே வந்து போயிருக்கும். வந்தது வந்துவிட்டது, அடுத்த பத்து வருடத்தில் இன்னொன்று வருமா என்பதுதான் நம் கேள்வி. அதற்கு விடை மறுபடி அந்த 9.6 சதவீதம், கிட்டத்தட்டப் பத்தில் ஒன்று. அப்புறம், 234-ல் ஒன்று என்பதும் ஒரே ஓர் இடத்துக்கான கணக்கு. நாட்டில் ஆற்றளவு பார்க்கும் நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒன்றை ஒன்று சாராத 234 நிலையங்களை எடுத்துக்கொண்டால், எந்தப் பத்து வருடத்திலும் சராசரியாக அவற்றில் ஒன்றில் இது நடக்கும். அந்த ஓர் ஊர்தான் அன்றைக்குச் செய்தியாகிறது. மற்ற 233 ஊரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அந்த 'நூறு' என்ற எண்ணை ஆற்றங்கரையில் நட்ட கல் மாதிரி நம்புவது. அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்தால் நம்பிக்கை கொஞ்சம் இறங்கும். ஒவ்வொரு வருடமும் ஆறு தொட்ட உச்சத்தை மட்டும் எடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துவார்கள். மொத்த வருடங்களோடு ஒன்றைக் கூட்டி, வரிசை எண்ணால் வகுத்தால் 'எத்தனை வருட வெள்ளம்' என்று முதல் மதிப்பீடு கிடைக்கும். பிறகு அந்தப் புள்ளிகளுக்கு ஒரு வளைகோட்டைப் பொருத்தி, பதிவுகள் எட்டாத தூரத்துக்கு நீட்டுவார்கள். நூறு வருட அளவு பெரும்பாலும் அந்த நீட்டிய வாலில்தான் இருக்கும்.

டில்லி பழைய ரயில் பாலத்தில் எடுக்கும் அளவையே போட்டுப் பார்ப்போம். பதிவு 1963-லிருந்து இருக்கிறது. 1978-ல் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 207.49 மீட்டர். 2022 வரை 60 வருடப் பதிவில் அதுதான் முதலிடம். 61-ஐ ஒன்றால் வகுத்தால் 61, ஆக அது '61 வருட வெள்ளம்'. 2023 ஜூலையில் 208.66 வந்தது. 1978 இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. இப்போது 62-ஐ இரண்டால் வகுக்க வேண்டும், விடை 31. 1978-ல் ஓடிய தண்ணீர் ஒரு சொட்டும் மாறவில்லை, ஆனால் ஒரே மழைக்காலத்தில் அது பாதி அரிதாகிவிட்டது.

2025 செப்டம்பரில் 207.48 வந்தது. மூன்றாம் இடம். 64-ஐ மூன்றால் வகுத்தால் 21. இரண்டாம் இடத்தில் உள்ள 1978-க்கு 32. இரண்டுக்கும் இடையே உயர வித்தியாசம் ஒரே ஒரு சென்டிமீட்டர், விரல் தடிமன்கூட இல்லை. ஒன்று 32 வருட வெள்ளம், இன்னொன்று 21 வருட வெள்ளம் என்றால் அந்த எண்கள் எவ்வளவு ஆடும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வளைகோடு பொருத்தினால் இந்த ஆட்டம் குறையும், ஆனால் போகாது. அறுபது வருடப் பதிவை வைத்துக்கொண்டு நூறு வருட அளவைச் சொல்லும் யாரும், ஒற்றை எண்ணோடு 'இதிலிருந்து இதுவரை' என்ற எல்லையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள்.

இன்னொரு குழப்பம், எதை அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. பொதுவாக இந்தக் கணக்கை நீர்மட்டத்தில் போடமாட்டார்கள். ஒரு நொடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்ற நீரோட்ட அளவில் போட்டுவிட்டுப் பிறகு மட்டமாக மாற்றுவார்கள். யமுனையில் இந்த இரண்டும் வேறு வேறு கதை சொல்கின்றன. மேலே ஹரியானாவில் உள்ள ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து 2013-ல் 8.06 லட்சம் கன அடியும், 2019-ல் 8.28 லட்சம் கன அடியும் வந்தன. ஆறு வருட இடைவெளியில் இரண்டு பேய் வெள்ளம். ஆனால் 2019-ல் டில்லியில் மட்டம் 206.60 மீட்டரோடு நின்றுவிட்டது. 2023-ல் ஹத்னிகுண்டில் உச்சம் 3.59 லட்சம் கன அடிதான், 2019-இல் பாதிகூட இல்லை. டில்லியில் மட்டமோ இரண்டு மீட்டர் அதிகம்.

காரணம் பல. ஒரு குழாயை முழுக்கத் திறந்து ஐந்து நிமிடத்தில் மூடுவதும், பாதி திறந்து ஒரு மணி நேரம் விடுவதும் வாளிக்கு ஒன்றல்ல. குறுகிய நேரம் பாயும் கூர்மையான உச்சம் வழியில் உள்ள வெள்ளச் சமவெளியில் பரவித் தணிந்துவிடும், நீண்ட நேரம் வருவது அப்படித் தணியாது. 2023-ல் டில்லியிலேயே மழை கொட்டியது, ஜூலை 9 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 153 மில்லிமீட்டர். டில்லிக்குள்ளேயே யமுனையில் இருக்கும் ஐடிஓ தடுப்பணையின் 32 மதகுகளில் ஐந்து திறக்க முடியாமல் சிக்கிக்கொண்டிருந்தன. இதற்கு மேல் வண்டல், பாலத் தூண்கள், கரைகளுக்குள் ஏறிய கட்டடங்கள். ஆற்றின் உடலே மாறிவிட்டால், பழைய மட்டங்களை வைத்துப் போட்ட கணக்கு வேறோர் ஆற்றின் கணக்கு. 'மட்டம் சாதனை, ஆகவே நூறு வருட வெள்ளம்' என்று எழுதுவதும் தவறு, 'மேலே விட்டது குறைவு, ஆகவே பெரிய வெள்ளம் இல்லை' என்று எழுதுவதும் தவறு.

பைக்குள் இருக்கும் வெள்ளைக் கொட்டைகளும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என்று உறுதியில்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், கனமழை இன்னும் கனக்கும். வெள்ளைக் கொட்டை ஒன்று இரண்டானால், அதாவது ஆண்டு வாய்ப்பு 2 சதவீதமானால், பத்து வருடத்தில் இரண்டு முறையாவது வரும் வாய்ப்பு 0.43-லிருந்து 1.6 சதவீதமாகிறது. கொட்டை இரண்டு மடங்கு, ஆபத்து கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அதற்காக, இரண்டு வெள்ளம் அடுத்தடுத்து வந்ததைக் காட்டி மட்டும் பை மாறிவிட்டது என்று நிரூபிக்க முடியாது. மாறாத பையிலும் அப்படி வரும் என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

வீடு வாங்குகிறவர்கள் செய்யும் தவறும் இங்கிருந்துதான் பிறக்கிறது. டில்லி யமுனையின் வெள்ளச் சமவெளியை 25 வருட வெள்ளத்தை வைத்து வரையறுக்கச் சொல்லி 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தீர்ப்பு தந்தது. வரைபடக் கோட்டுக்கு ஓரடி இந்தப் பக்கம் வீடு இருந்தால் தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள். 25 வருட வெள்ளத்துக்கு ஆண்டு வாய்ப்பு 4 சதவீதம். முப்பது வருடம் கடன் கட்டி அங்கேயே இருந்தால், அந்தக் கோட்டைத் தண்ணீர் ஒரு முறையாவது தொட 71 சதவீத வாய்ப்பு. நூறு வருடக் கோடாக இருந்தாலும் அதே முப்பது வருடத்தில் 26 சதவீதம். எந்தக் கோடு என்று கேட்பதோடு, தரைத்தளம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்றும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமியிடம் நான் பேசிக்கொண்டிருந்தபோது, வீட்டு வேலைக்கு வரும் பெண் பாத்திரம் கழுவியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் குடிசை ஆற்றோரத் தோட்டத்தில்தான் இருந்தது. மறுபடி அங்கேயே போடலாமா என்று ஹிந்தியில் கேட்டாள். அவளுக்கு நூறு வருட வெள்ளம் தேவையே இல்லை. 206 மீட்டர் வந்தாலே அங்கிருந்து கிளம்பச் சொல்கிறார்கள். 2018, 2019, 2022, 2023, 2025 என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். எட்டு வருடத்தில் ஐந்து முறை.