நாலு பேர் நோட்ஸை ஒண்ணா சேர்க்கறப்ப எல்லாரும் பண்ற தப்பு

செமஸ்டருக்கு முன்னாடி நாலு பேர் நோட்ஸையும் வாங்கி ஒரே டாக்குமென்ட்ல ஒட்டிட்டு, அப்புறமா ரெண்டு தடவ வந்ததெல்லாம் அழிச்சுக்கலாம்னு நினைப்போம்ல, அங்கதான் பாதி பிரச்சனை. ஒட்டின அஞ்சாவது நிமிஷம் எந்த வரி யாரோடதுன்னே தெரியாது. ஒட்டறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு பாயின்ட் கடைசியிலயும் (க), (ப)ன்னு ஆளோட முதல் எழுத்த போட்டுடுங்க, பத்து நிமிஷம் கூட ஆகாது.

அடுத்தது, முரண்பாடே இல்லாதத முரண்பாடுன்னு நினைச்சு ஒண்ண தூக்கிடறது. தெர்மோடைனமிக்ஸ் முதல் விதியையே எடுத்துக்கங்க. ஒருத்தன் ΔU = Q − W னு எழுதிருக்கான், இன்னொருத்தி ΔU = Q + W னு எழுதிருக்கா. ரெண்டுமே சரிதான். மெக்கானிக்கல்காரங்க பொதுவா வாயு செய்யற வேலைய பிளஸ்ஸா எடுப்பாங்க, கெமிஸ்ட்ரில வாயு மேல செய்யப்படற வேலைதான் பிளஸ். 50 kJ வெப்பம் குடுத்து வாயு 20 kJ வேலை செஞ்சா, முதல் ஃபார்முலால 50 − 20, ரெண்டாவதுல W = −20ன்னு போடணும், எப்படி போட்டாலும் 30தான். ஒரு வரிய அழிச்சிட்டீங்கன்னா, அந்த ஆளோட நோட்ஸ்ல மிச்சம் இருக்கற கணக்கெல்லாம் குறி மாறி உதைக்கும், 30 வரவேண்டிய இடத்துல 70 வந்து நிக்கும். ரெண்டையும் வச்சுட்டு பக்கத்துல W எதுன்னு ஒரு வரி எழுதுங்க போதும்.

நிஜமாவே முட்டறதும் வரும். எங்க செட்ல அடியபாட்டிக்குக்கு மூணு பேர் TV^γ = மாறிலின்னு வச்சிருந்தாங்க, ஒருத்தி மட்டும் TV^(γ−1). நாங்க ஓட்டு போட்டு மூணு பேர் பக்கம் போயிட்டோம். அப்புறம் பாத்தா அந்த மூணும் ஒரே ஜெராக்ஸ்ல இருந்து காப்பி அடிச்சது, எழுத்துப்பிழை உட்பட அப்படியே! அதாவது அது மூணு ஓட்டு இல்ல, ஒரே ஓட்டு. PV^γ = மாறிலில P-க்கு பதிலா RT/V போட்டிருந்தா ரெண்டே வரில தெரிஞ்சிருக்கும், அந்த பொண்ணுதான் கரெக்ட். ஒரே மாதிரி பிழை, ஒரே மாதிரி எடுத்துக்காட்டு எண் இருந்தா சோர்ஸ் ஒண்ணுதான்னு சந்தேகப்படுங்க.

சந்தேகம் தீரலன்னா கொடி போட்டு வைக்கணும், ஆனா மஞ்சள் ஹைலைட்லயோ கமென்ட்லயோ வேணாம். பிளாக் அண்ட் ஒயிட் பிரின்ட்ல மஞ்சள் மங்கலா போயிடும், கூகுள் டாக்ஸ்ல இருந்து பிடிஎஃப் எடுத்தா கமென்ட் கூட வராது, கடைசில படிக்கறவன் தப்ப சரின்னு மனப்பாடம் பண்ணுவான். வரிக்குள்ளயே எழுதுங்க:

```
?? TV^γ (க,ப,ர) / TV^(γ−1) (ம) - சார்கிட்ட கேக்கணும்
```

தேர்வுக்கு முந்தின நாள் Ctrl+F-ல ?? தேடினா எத்தன பாக்கின்னு அப்படியே வந்துடும், சாரை புடிச்சு மொத்தமா கேட்டுக்கலாம்.