(1 + x)ⁿ ≈ 1 + nx, sin θ ≈ θ: எதுவரை நம்பலாம்?

இயற்பியல் கணக்குகளில் "x மிகச் சிறியது என்பதால்" என்று ஒரு வரி வரும், அடுத்த வரியில் அடுக்குக்குறி காணாமல் போயிருக்கும். அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம். தரையிலிருந்து h உயரத்தில் புவியீர்ப்பு முடுக்கம் எவ்வளவு?

படி 1: பெரியதை வெளியே எடுங்கள்

g என்பது 1/(R + h)²-க்கு நேர்விகிதத்தில் இருக்கும். இங்கே R பூமியின் ஆரம், சுமார் 6371 கி.மீ. ஈருறுப்புத் தோராயத்தை (R + h)-இல் நேரடியாகப் போடக்கூடாது. முதலில் R-ஐப் பொதுக்காரணியாக வெளியே எடுத்தால்,

g = g₀ (1 + h/R)⁻²

என்று கிடைக்கும். இப்போது x = h/R. இதற்கு அலகு இல்லை என்பதைக் கவனியுங்கள். "சிறியது" என்று சொல்ல எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது தெரிய வேண்டும், 400 கி.மீ. தனியாகப் பெரியதும் அல்ல, சிறியதும் அல்ல. உங்கள் x-க்கு மீட்டரோ விநாடியோ ஒட்டிக்கொண்டிருந்தால் இந்தப் படியில் ஏதோ தவறியிருக்கிறது.

படி 2: இரண்டு உறுப்புகளோடு நிறுத்துங்கள், மூன்றாவதையும் எழுதி வையுங்கள்

n = −2 என்பதால் விரிவு இப்படி வரும்:

(1 + x)⁻² = 1 − 2x + 3x² − …

நமக்கு வேண்டிய விடை 1 − 2x. ஆனால் விட்டுவிட்ட 3x²-ஐத் தூக்கி எறியாதீர்கள். பிழை எவ்வளவு இருக்கும் என்று சொல்வது அதுதான்.

h = 400 கி.மீ. என்றால் x = 0.0628. தோராயம் 0.8744 தருகிறது, சரியான மதிப்பு 0.8853. வித்தியாசம் 0.0109. நாம் விட்ட 3x² = 0.0118. அதாவது சரியான விடையைக் கணக்கிடாமலேயே, பிழை ஏறத்தாழ 0.01 என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

இனி h = R/2 என்று வைத்துப் பாருங்கள். 1 − 2x சரியாகச் சுழி ஆகிறது. ஈர்ப்பே இல்லை என்கிறது சூத்திரம்! உண்மையில் g₀-இல் 4/9 பங்கு இருக்கிறது. இன்னும் மேலே போனால் g எதிர்க்குறி பெற்று, பொருள்களை வானத்தை நோக்கி இழுக்கத் தொடங்கும். தோராயம் உடைந்துவிட்டதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

x மட்டும் சிறியதாக இருந்தால் போதாது, nx-உம் சிறியதாக இருக்க வேண்டும். (1.01)¹⁰⁰-ஐத் தோராயமாக்கினால் 2 வரும், சரியான மதிப்பு 2.70.

படி 3: கோணத்துக்கும் அதே சோதனை

sin θ = θ − θ³/6 + … என்பதால், sin θ ≈ θ என்று எழுதும்போது சார்புப்பிழை சுமார் θ²/6. இது 1% ஆகும் கோணம் 0.245 ரேடியன், அதாவது 14°. tan θ ≈ θ என்றால் பிழை θ²/3, இரண்டு மடங்கு. கோணம் ரேடியனில்தான் இருக்க வேண்டும். 10° என்பதை 0.1745 என்று மாற்றாமல் 10 என்றே போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

cos θ ≈ 1 என்பதில்தான் பலரும் சறுக்குவது. தனி ஊசலின் நிலை ஆற்றல் mgL(1 − cos θ). இங்கே cos θ-வுக்கு 1 போட்டால் ஆற்றல் முழுவதும் சுழியாகிவிடும். முதல் உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடத்தில், அடுத்த உறுப்பே விடை. எனவே cos θ ≈ 1 − θ²/2 என்று எடுத்து, mgLθ²/2 என்று எழுத வேண்டும். L = 1 மீ., θ = 10° எனில் குண்டு உயர்வது 15.23 மி.மீ. என்று வரும், சரியான மதிப்பு 15.19 மி.மீ.

படி 4: பிழை சேர்கிறதா என்று பாருங்கள்

ஊசலை 20° வீச்சில் ஆடவிட்டால், உச்சியில் sin θ ≈ θ-வின் பிழை 2%. ஆனால் அலைவு காலத்தில் பிழை சுமார் θ₀²/16, அதாவது 0.76% மட்டுமே, ஊசல் உச்சிக் கோணத்திலேயே நிற்பதில்லை அல்லவா? ஒரே ஓர் அலைவை அளக்க இது பரவாயில்லை.

ஆனால் "இந்த நேரத்தில் குண்டு எங்கே இருக்கும்?" என்று கேட்டால் கதை வேறு. ஒவ்வோர் அலைவிலும் 0.76% பின்தங்கி, வீச்சு குறையாமல் ஆடினால், சுமார் 65 அலைவுகளுக்குப் பிறகு சூத்திரம் குண்டு இடப்பக்கம் என்று சொல்லும்போது அது வலப்பக்கம் இருக்கும். கோணம் மாறவில்லை, தோராயமும் மாறவில்லை. கேட்ட கேள்விதான் மாறியது.