ராத்திரியானால் காலை ஆட்டச் சொல்கிறதா? ஹீமோகுளோபினோடு நிற்காமல் ஃபெரிட்டினையும் பாருங்கள்

படுத்த பத்து நிமிடத்தில் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல, இழுப்பதுபோல இருக்கும். காலை உதறினால் கொஞ்சம் அடங்கும், வைத்தால் மறுபடி ஆரம்பிக்கும். எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தால்தான் நிம்மதி. நம் பக்கத்தில் கால் குடைச்சல், கால் உளைச்சல் என்று சொல்லித் தைலம் தேய்த்துவிட்டுப் படுப்பார்கள். மருத்துவத்தில் இதற்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று பெயர். பலருக்கு இதன் பின்னால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறது. அதைச் சரியாகக் கண்டுபிடித்துச் சரியாக ஏற்றுவது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

படி 1: இது அதுதானா?

நான்கு கேள்விகள் போதும். காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல் வருகிறதா? உட்கார்ந்தாலோ படுத்தாலோதான் வருகிறதா? நடந்தால், நடக்கும் வரையிலாவது குறைகிறதா? பகலைவிட மாலையிலும் ராத்திரியிலும் அதிகமா? நான்குக்கும் ஆமாம் என்றால் பெரும்பாலும் இதுதான். கடலூரிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் போகும்போது காலை நீட்ட இடமில்லாமல் தவிப்பவர்களுக்கு இந்தக் கேள்விகள் உடனே புரியும்.

குரக்களி வேறு. அதில் சதை கல் மாதிரி இறுகி, தொட்டாலே வலிக்கும். சர்க்கரை நோயால் நரம்பு கெட்டவர்களுக்குப் பாதம் எரியும், மரத்துப்போகும். ஆனால் நடந்தால் அது அடங்காது.

படி 2: எந்த ரத்தப் பரிசோதனை?

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து, 12-க்கு மேல் இருந்தால் ரத்தம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். ஹீமோகுளோபின் கையில் புழங்கும் காசு என்றால், ஃபெரிட்டின் பெட்டியில் இருக்கும் சேமிப்பு. உடம்பு முதலில் பெட்டியைக் காலி செய்துதான் கைச்செலவைச் சமாளிக்கும். உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் டோபமின் என்ற பொருள் மூளையில் உருவாக இரும்பு வேண்டும். மூளைக்குப் போய்ச்சேரும் இரும்பு குறையும்போது கால் தொல்லை தொடங்குகிறது. அப்போது ஹீமோகுளோபின் நன்றாகவே இருக்கலாம்.

அதனால் சீரம் ஃபெரிட்டின், அதோடு ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் இரண்டையும் கேளுங்கள். காலையில், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இரும்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் முந்தைய நாள் போடக் கூடாது. காய்ச்சல், தொற்று, மூட்டு வீக்கம் இருக்கும்போது எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். உடம்பு தேறிய பிறகு எடுப்பதே சரி.

படி 3: ரிப்போர்ட்டைப் படிப்பது

லேப் ரிப்போர்ட்டில் ஃபெரிட்டினுக்குக் கீழ் எல்லை பெரும்பாலும் 10, 15 என்றுதான் அச்சிட்டிருக்கும். அந்த எல்லை கால் தொல்லை இருப்பவருக்குப் பொருந்தாது. இவர்களுக்கு ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 75 நானோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலோ இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்பது தூக்க மருத்துவத்தில் இப்போதுள்ள வழிகாட்டுதல்.

ஒரு கற்பனை உதாரணம். மஞ்சக்குப்பத்தில் தையல் வேலை செய்யும் 41 வயதுப் பெண். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம். ஹீமோகுளோபின் 12.3, ஃபெரிட்டின் 19. லேப் எல்லை 13 என்பதால் ரிப்போர்ட்டில் எதற்கும் தடித்த எழுத்து இல்லை, எல்லாம் நார்மல். ஆனால் நமக்கு வேண்டிய 75-இல் கால் பங்குதான் இருக்கிறது.

இதே 19 ஓர் ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ வந்தால் மாத்திரையோடு விடக் கூடாது. வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

படி 4: மாத்திரையைச் சாப்பிடும் விதம்

நம் தையல்காரப் பெண்ணுக்கு டாக்டர் 60 மில்லிகிராம் இரும்புள்ள மாத்திரை எழுதித் தருகிறார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்கி, மேலே ஒரு டீ குடிக்கிறார். ஆறு வாரம் போயும் கால் அப்படியே இருக்கிறது. மருந்தில் குறையில்லை. டீயிலுள்ள டானின், பால், கால்சியம் மூன்றும் இரும்பைக் குடலிலேயே தடுத்துவிட்டன. அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும்.

மாற்றிச் செய்தது இது: காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு மாத்திரை. டீ ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. இரும்பு மாத்திரையும் தினமும் வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு மாத்திரை போட்டதும் உடம்பில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, அடுத்த நாள் வரை குடலின் கதவை ஓரளவு சாத்திவைக்கும். அதனால் இரட்டிப்பாகப் போட்டாலும் இரட்டிப்பாக ஏறாது, மலச்சிக்கல்தான் மிச்சம். மலம் கறுப்பாகப் போவது சகஜம். தார்போல ஒட்டிக்கொண்டு நாறினால் மட்டும் டாக்டரிடம் போங்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஃபெரிட்டின்: 44. தினமும் இருந்த தொல்லை வாரத்தில் இரண்டு ராத்திரியாகக் குறைந்திருக்கிறது. இன்னும் 75 வரவில்லை, அதனால் மாத்திரை தொடர்கிறது, ரத்தப்போக்குக்கும் தனியாக வைத்தியம் நடக்கிறது. ஏறவே இல்லை, வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் போன்ற இரும்பு மருந்தை ரத்தக் குழாய் வழியாக ஆஸ்பத்திரியில் ஏற்றுவார்கள்.

முருங்கைக்கீரை, மத்தி மீன் எல்லாம் சாப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் 19-இல் இருப்பவர் கீரையை மட்டும் நம்பினால் ரொம்பக் காலம் ஆகும். பரிசோதிக்காமல் தாமாக இரும்பு மாத்திரை வாங்கிப் போடுவதும் கூடாது. சேமிப்பு நிறைந்தவருக்கு அது கல்லீரலில் போய்ச் சேரும்.

படி 5: மறைமுகமாகக் கெடுப்பவை

சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள் (குளோர்ஃபெனிரமைன், ஃபெனிரமைன்), வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைட், மனச்சோர்வுக்கான சில மருந்துகள் காலைக் கிளப்பிவிடும். தொல்லை எப்போது தொடங்கியது, அந்த வாரம் புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது என்று குறித்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள். மனநல மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம். டீ, காபியை மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள். புதுச்சேரியில் சரக்கு மலிவு, ஒரு பெக் போட்டால் தூக்கம் வரும் என்பார்கள். வரும்தான், நடுராத்திரியில் கால் எழுப்பிவிடும்.

படி 6: இரும்பு போதாதபோது

வாரத்தில் பல ராத்திரி தூக்கம் கெட்டால் ஜிப்மரிலோ கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ காட்டுங்கள். இப்போது பெரும்பாலும் முதலில் தருவது கபாபென்டின் அல்லது ப்ரீகாபாலின். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போடுவது. தலைசுற்றும், மறுநாள் காலை மந்தமாக இருக்கும், அதனால் ஆரம்பத்தில் வண்டி ஓட்டும்போது கவனம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள்.

முன்பெல்லாம் ப்ராமிபெக்ஸோல், ரோபினிரோல்தான் முதலில். போட்ட ராத்திரியே அற்புதமாக வேலை செய்யும். சிக்கல் பல மாதங்கள், வருடங்கள் கழித்து வரும்: பத்து மணிக்குத் தொடங்கிய தொல்லை ஆறு மணிக்கே வரும், பிறகு மதியம், பிறகு கைகளுக்கும் பரவும். நோய் முற்றிவிட்டது என்று அளவைக் கூட்டினால் சில வாரம் அடங்கி, இன்னும் மோசமாகும். இந்த மாத்திரையில் இருப்பவர்கள் தொல்லை தொடங்கும் நேரத்தை மாதம் ஒருமுறை காலண்டரில் எழுதிவையுங்கள். நேரம் முன்னால் நகர்ந்துகொண்டே வந்தால் அந்தக் காலண்டரோடு டாக்டரிடம் போங்கள். அவர் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றுவார். ஒரே நாளில் நிறுத்தினால் பல ராத்திரிகள் கண்மூட முடியாது.