பொன்விழாவுக்கு ஆல்பம் செய்கிறீர்களா? நாங்கள் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

ஆல்பத்தின் மூன்றாம் பக்கத்தில் பாட்டியின் விரல் நின்றது. கல்யாணக் கோலத்தில் எடுத்த குரூப் போட்டோ. பாட்டிக்கு இடப்பக்கம் நின்ற பெண்ணுக்குக் கீழே 'தாத்தாவின் தங்கை' என்று அச்சடித்திருந்தோம். "இது என் நாத்தனார் இல்லடா. இது எங்க அக்கா" என்றார். கல்யாணம் முடிந்த இரண்டாம் வருஷமே இறந்துபோன அக்கா. பாட்டியிடம் இருந்தது அவருடைய அந்த ஒரே படம்தான்.

மூன்று பிள்ளைகள், ஏழு பேரன் பேத்திகள் சேர்ந்து நான்கு மாதம் உழைத்துச் செய்த பொன்விழாப் பரிசு அது. ஆளுக்கொரு பொருள் வாங்குவதைவிட, ஐம்பது வருஷத்தை ஒரே ஆல்பமாகச் செய்து எல்லோரும் சேர்ந்து கொடுப்பது நல்ல யோசனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எங்கே கெட்டுப்போகும் என்பதைத்தான் முன்பே யாரும் சொல்லவில்லை.

அந்தப் பெயர் தப்பியதற்குக் காரணம், 'கடைசிவரை அவங்களுக்குத் தெரியக் கூடாது' என்று நாங்கள் பிடித்த பிடிவாதம். பழைய படங்களில் யார் யார் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் தாத்தாவும் பாட்டியும்தான். அவர்களிடம் கேட்காமல், அப்போது பிறக்கவே பிறக்காத அத்தையிடமும் சித்தப்பாவிடமும் கேட்டு எழுதினோம். ஆல்பம் செய்வதை மறைக்கலாம், படங்களைப் பற்றிக் கேட்பதை மறைக்கத் தேவையில்லை. "போட்டோ எல்லாம் மங்கிக்கிட்டே வருது, ஸ்கேன் பண்ணி வைக்கிறேன் பாட்டி" என்று ஒரு பேத்தி போய் உட்கார்ந்தாலே போதும். அதில் பொய்யும் இல்லை.

உட்காரும்போது குரூப் போட்டோவை ஒரு முழுத்தாள் அளவுக்குச் சாதாரணப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். அந்தப் பிரிண்டில் ஒவ்வொரு முகத்துக்கும் பேனாவால் எண் போட்டு, எண்ணுக்கு நேராகப் பெயரை எழுதுங்கள். அசல் படத்தின் பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். அழுத்தம் முன்பக்கம் வரை தடமாகத் தெரியும். எழுதியே ஆகவேண்டுமென்றால் மென்மையான பென்சிலால், ஓரத்தில் எழுதுங்கள். செல்பேசியில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரே நாளில் முந்நூறு படத்தைக் காட்டினால் அவர்களுக்குக் களைப்பு வந்துவிடும், கடைசி ஐம்பதுக்கு 'யாரோ தெரியலை' என்ற பதில்தான் வரும். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் என்று இரண்டு மூன்று தடவை உட்காருவது நல்லது. இருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். "இல்லை, அது அதுக்கு முந்தின வருஷம்" என்று ஒருவரை ஒருவர் திருத்துவார்கள். வருஷங்கள் சரியாக அமைவதும், ஆல்பத்தில் எழுதத்தக்க வரிகள் கிடைப்பதும் அந்தப் பேச்சில்தான்.

படத்தைப் பிய்க்காதீர்கள்

அடுத்த தவறு திருத்தவே முடியாதது. கண்ணாடித்தாளைத் தூக்கிவிட்டுப் படத்தை ஒட்டுகிற, பக்கமெல்லாம் பசை பூசிய ஆல்பங்கள் ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் வந்தன. நாள்பட அந்தப் பசை மஞ்சளாகி, சிலது கல்லாக இறுகிவிடும். மூலையை நகத்தால் நெம்பி இழுத்தால் படம் வளையும், மேலே உள்ள மெல்லிய படலம் வெடிக்கும். முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்துவிட்டால் அதை எந்தக் கடையாலும் முழுதாக மீட்க முடியாது.

வராத படத்தை வரவழைக்கத் தேவையே இல்லை. கண்ணாடித்தாளை மட்டும் மெதுவாக விலக்கிவிட்டு, பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். எடுத்தே தீரவேண்டுமென்றால், மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு, ரம்பம்போல முன்னும் பின்னும் மெல்ல இழுத்துக்கொண்டே வரவேண்டும். எங்காவது பிடித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஃபிரேமின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை எதுவும் செய்யாதீர்கள். வீட்டு ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, கண்ணாடியோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தூசியை ஈரத்துணியால் துடைப்பதும் கூடாது. படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின். தண்ணீர் பட்டால் ஊறிப் பிசுபிசுக்கும். மென்மையான தூரிகை ஒன்று போதும்.

எண்ணிக்கை பெரிது, படம் சிறிது

பழைய படங்கள் பெரும்பாலும் உள்ளங்கை அளவுதான். மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படத்தை 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று, ஸ்கேன் செய்தால் 1050-க்கு 1500 பிக்சல் கிடைக்கும். அதே அளவில் அச்சிட அது போதும். கல்யாணப் படத்தை ஒரு பக்கம் முழுக்கப் போட, ஏழுக்குப் பத்து அங்குலமாகப் பெரிதாக்கினால், தெளிவு பாதியாகிவிடும், கண்ணும் மூக்கும் கரைந்து தெரியும். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்திருந்தால் அந்தப் பெரிய அளவிலும் 300 நிற்கும். ஸ்கேன் செய்பவர் எதையும் கேட்காமல் 300-இல் வைத்துத் தருவது வழக்கம். சொல்லிக் கேட்டு வாங்குங்கள். படத்தின் பின்புறத்தில் கையெழுத்தோ தேதியோ இருந்தால் அதையும் தனியாக ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

எங்களுக்கு இன்னொரு இடத்திலும் அடிபட்டது. வெளியூரில் இருந்த சித்தப்பா பக்கத்துப் படங்கள் எல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தன. செல்பேசித் திரையில் பளிச்சென்றிருந்தன. ஆனால் குழுவில் சாதாரணமாகப் போடும் படம் வழியிலேயே சுருங்கிவிடும், நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சலுக்குள் வந்துவிடும். அச்சுக்கு அது ஐந்தேகால் அங்குலத்துக்கு மேல் தாங்காது. படத்தைப் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது எல்லோரும் ஏற்றக்கூடிய ஒரு பொது ஃபோல்டர் திறந்து வையுங்கள். வந்ததா என்று சோதிப்பதும் எளிது: படத்தின் விவரத்தைத் திறந்து பிக்சல் எண்ணைப் பாருங்கள், நீளப் பக்கத்தை 300-ஆல் வகுத்தால் எத்தனை அங்குலம் வரை அச்சிடலாம் என்று தெரிந்துவிடும்.

பழைய கலர் படங்கள் சிவந்துபோயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றைவிட முன்பே மங்கிவிடுவதால் அப்படி ஆகிறது. ஸ்கேன் செய்தபின் அதை ஓரளவு சமன் செய்யலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டச்சப் செய்பவர் முகத்தை மாவுபோல வழவழப்பாக்கி, மச்சத்தை அழித்து, நரைக்கு மை பூசித் தந்தால் அது தாத்தா இல்லை. அசல் ஸ்கேனின் நகல் ஒன்றை யாரும் தொடாமல் தனியே வைத்திருங்கள்.

முதல் பாதி காணாமல் போகும்

நான் மிகவும் வருத்தப்படுவது இதற்குத்தான். எங்களிடம் மொத்தம் சேர்ந்தவை 640 படங்கள். எண்ணிப் பார்த்தபோது, கல்யாணமான முதல் இருபத்தைந்து வருஷத்துக்கு 41 படங்கள்தான் இருந்தன. மீதி எல்லாம் கேமரா செல்பேசிக்குள் வந்த பிறகு எடுத்தவை. அதிலும் பாதிக்கு மேல் கடைசிப் பேரனுடைய பிறந்தநாள்கள். 'நல்லா வந்திருக்கிறதை எல்லாம் போடுவோம்' என்று ஆரம்பித்தால் என்ன ஆகும்? 64 பக்க ஆல்பத்தில் அவர்கள் இருவரும் எட்டாம் பக்கத்திலேயே கிழவனும் கிழவியும் ஆகிவிடுவார்கள். முதல் வடிவம் எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

படத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே பக்கங்களைப் பங்கிட்டுவிடுங்கள். நாங்கள் பிறகு, முதல் இருபத்தைந்து வருஷத்துக்கு 30 பக்கம், அடுத்த இருபத்தைந்துக்கு 30, முன்னும் பின்னும் நான்கு என்று வைத்தோம். 41 படம் 30 பக்கத்துக்குப் போதாதே என்று பயப்பட வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஒரே படம் பெரிதாக, எதிர்ப்பக்கத்தில் அவர்கள் வாயால் சொன்ன நாலு வரி என்று போட்டால் நிறைந்துவிடும். படமே இல்லாத வருஷங்களுக்கு அந்தக் காலக் கடிதமோ, குடியிருந்த வாடகை வீட்டின் ரசீதோ, தாத்தாவின் கையெழுத்துள்ள கணக்கு நோட்டின் ஒரு பக்கமோ இருக்கலாம். பாட்டி அதிக நேரம் பார்த்தது அந்தக் கணக்கு நோட்டுப் பக்கத்தைத்தான்.

பேரப்பிள்ளைகளின் படத்திலும் கணக்கு வேண்டும். கடைக்குட்டிக்கு இருபது, மூத்த பேத்திக்கு இரண்டு என்று வந்தால் கொண்டாட்டத்துக்கு முன்பே மனஸ்தாபம் வந்துவிடும். ஒவ்வொருவரும் குறைந்தது எத்தனை பக்கத்தில் வருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரிந்துபோன மருமகள், இறந்துபோன பிள்ளை இவர்கள் படத்தை வைப்பதா வேண்டாமா என்பதைப் பேரப்பிள்ளைகள் தாமாக முடிவு செய்யக் கூடாது. பிள்ளைகளில் மூத்தவரிடம் விட்டுவிடுங்கள். இறந்தவரை விட்டுவிட்டால் பெற்றவர்கள் மறந்துவிடுவார்கள் என்று நினைப்பது பிழை. எந்தப் பக்கத்தில் அவன் இல்லை என்பது பெற்றவளுக்கு உடனே தெரியும்.

பணத்தைச் சமமாகப் பிரிக்க முயலாதீர்கள். முடிந்தவர் முடிந்ததை ஒருவரிடம் கொடுக்கட்டும், யார் எவ்வளவு என்பது அவரோடு நிற்கட்டும். ஆல்பத்தில் 'உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்' என்று ஒரே வரி போதும்.

அச்சுக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பளபளக்கும் தாளில் விளக்கு பிரதிபலித்து வயதான கண்ணுக்குக் கூசும், மேட் தாள் கேளுங்கள். எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது, படத்தின் மேல் வெள்ளை எழுத்து வேண்டாம். இரண்டு பக்கம் விரிகிற குரூப் போட்டோவில் நடுவில் நிற்பவர் முகம் தையலுக்குள் போய்விடும். தட்டையாக விரியும் பைண்டிங் இல்லையென்றால் அதை ஒரே பக்கத்துக்குள் வையுங்கள். கெட்டி அட்டை, கெட்டித் தாள் என்று ஆசைப்பட்டால் மடியில் தூக்கி வைக்க முடியாத எடை வந்துவிடும். வாங்குமுன் கடையிலுள்ள மாதிரியை நீங்களே ஒரு கையால் தூக்கிப் பாருங்கள்.

நாளுக்கு ஐந்து வாரம் முன்பே ஒரே ஒரு பிரதி அச்சிட்டு, அதைப் படங்களைச் சேர்க்காத ஒருவரிடம் கொடுத்துப் பெயர்களை வாசிக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த ஐந்து வாரம் இல்லை. அதனால்தான் பாட்டியின் அக்காவை அன்றைக்குத் திருத்த முடியவில்லை. அடுத்த மாதம் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தோம்.

கொடுக்கும் நேரத்திலும் ஒரு தவறு செய்தோம். விழா மேடையில், எல்லோருக்கும் முன்னால் கொடுத்தோம். அவர்கள் அட்டையைத்தான் பார்த்தார்கள். பிறகு ஆல்பம் கைமாறி கைமாறி எங்கெங்கோ போய், இரவு பத்து மணிக்குத்தான் அவர்களிடம் வந்தது. முந்தின நாள் சாயங்காலமே, வீட்டு ஆட்கள் மட்டும் இருக்கும்போது கொடுத்துவிடுங்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து பார்க்கட்டும். மூக்குக்கண்ணாடி எங்கே என்று தேடி முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.