மரத்தை மறைத்த யானை: திருமந்திரப் பாடலைச் சிறுவர்க்கு எழுதும்போது நேரும் தவறுகள்

மொரீசியசில் எங்கள் கோவிலின் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். அவர்களுக்காகத் திருமூலரின் இந்தப் பாடலை எளிய தமிழில் எழுத முயன்றபோதுதான், எளிமையாக்குவது எத்தனை இடங்களில் பொருளைக் கெடுக்கும் என்பதைக் கண்டேன்.

மரத்தை மறைத்தது மாமத யானை
மரத்தின் மறைந்தது மாமத யானை
பரத்தை மறைத்தது பார்முதல் பூதம்
பரத்தின் மறைந்தது பார்முதல் பூதம்

முதல் தவறு, 'மறைத்தது', 'மறைந்தது' என்னும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது. பாடலின் பொருள் முழுவதும் 'த்', 'ந்' என்ற ஓரெழுத்து வேறுபாட்டில்தான் நிற்கிறது. மர யானையை யானையாகப் பார்க்கும்போது அது மரத்தை மறைக்கிறது. மரமாகப் பார்க்கும்போது யானை மரத்தில் மறைந்துவிடுகிறது. நான் முதலில் "மரம் யானைக்குள் ஒளிந்திருக்கிறது" என்று எழுதினேன். உடனே ஒரு சிறுமி, யானையின் வயிற்றுக்குள் ஒரு குட்டி மரத்தை வரைந்து காட்டினாள். பிழை அவளுடையதன்று, 'ஒளிதல்' என்றால் ஒன்றின் பின்னே அல்லது உள்ளே இருப்பது என்றுதான் எந்தப் பிள்ளையும் கொள்ளும். இங்கோ இரண்டு பொருள்கள் இல்லை, பார்வைதான் இரண்டு. ஆகவே 'தெரிகிறது', 'தெரியவில்லை' என்ற சொற்களுக்கு மாறினேன்.

அடுத்தது 'பூதம்'. பிள்ளைகள் அறிந்த பூதம் கதைகளில் வந்து பயமுறுத்துவது. பாடலில் அது நிலம் முதலான ஐந்தையும் குறிக்கிறது. அவற்றைப் பெயர் சொல்லியே எழுதிவிட வேண்டும்.

பெரியவர்கள் மிகுதியாகச் செய்யும் தவறு, "யானை பொய், மரமே மெய், ஏமாறாதே" என்று அறிவுரையாக முடிப்பது. பாடல் உலகத்தைப் பொய் என்று பழிக்கவில்லை. மேலும், பின்னிரண்டு அடிகள் பிள்ளைகளுக்குக் கடினம் என்று விட்டுவிட்டால் எஞ்சுவது ஒரு பொம்மைக் கதைதான். யானை வந்ததே பரத்தைச் சொல்வதற்காகத்தான்.

பலமுறை திருத்திய பின் நின்ற வடிவம் இது:

"மரத்தால் செய்த பெரிய யானை. யானை என்று பார்த்தேன்; பயந்தேன்; மரம் தெரியவில்லை. தொட்டேன், மரம்! இப்போது யானை தெரியவில்லை. மண், நீர், தீ, காற்று, வானம் என்று பார்த்தால் கடவுள் தெரிவதில்லை. கடவுளைக் கண்டவர்க்கு அவை தனியாகத் தெரிவதில்லை."

'பயந்தேன்' என்பதை நீக்கச் சொன்னார்கள். நான் நீக்கவில்லை, 'மாமத' என்ற சொல் மதம் பிடித்த யானையின் அச்சத்தைத் தருகிறது, அந்த அச்சத்தால்தான் மரம் கண்ணில் படவில்லை.

படித்து முடித்ததும், "யானை எங்கே போனது?" என்று கேட்பேன். "உள்ளே ஒளிந்துகொண்டது" என்ற பதில் வந்தால் என் எழுத்தில் இன்னும் பிழை இருக்கிறது என்று பொருள். "எங்கும் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது" என்றால் பாடல் சேர்ந்துவிட்டது. ஒரு சிறுவன், "இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாதா, ஆசிரியரே?" என்று திருப்பிக் கேட்டான். அதற்கு விடை எழுதிச் சேர்க்க என் கை துடித்தது. பாடலில் அந்த விடை இல்லை. ஆகவே நானும் எழுதவில்லை.