இரண்டே வரியில் "வேண்டாம்": விற்பனை மெயிலை மறுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பளக் கணக்கு மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்திலிருந்து, நாம் கேட்காமலேயே ஒரு மெயில் வருகிறது. மூன்று நாள் கழித்து "முந்தைய மெயிலைப் பார்த்தீர்களா?" என்று இன்னொன்று. அலுவலகத்தில் கணக்கு வழக்கைக் கவனிப்பவர் இப்படிப் பதில் போடுகிறார்:

> வணக்கம். மெயிலுக்கு நன்றி, உங்கள் மென்பொருள் நன்றாகத்தான் தெரிகிறது. இப்போதைக்கு நாங்கள் வேறொன்றைப் பயன்படுத்துகிறோம். இந்த ஆண்டு பட்ஜெட்டும் இல்லை. தேவைப்பட்டால் சொல்கிறேன்.

எழுதியவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. விற்பனையாளர் கண்ணில் இது மறுப்பாகவே படாது. "நன்றாகத்தான் தெரிகிறது" என்றால் பொருளைப் பார்த்திருக்கிறார். "வேறொன்றைப் பயன்படுத்துகிறோம்" என்றால் இந்த வகைப் பொருளுக்குப் பணம் கொடுக்கிற நிறுவனம்தான். எந்த மென்பொருள், ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பது மட்டும் தெரிய வேண்டும். "இந்த ஆண்டு பட்ஜெட் இல்லை" என்றால் அடுத்த ஆண்டு பட்ஜெட் போடுவதற்குச் சற்று முன்னால் வந்து நிற்கலாம். "இப்போதைக்கு" என்ற சொல்லுக்கு நேராக மூன்று மாதமோ ஆறு மாதமோ தள்ளி ஒரு நினைவூட்டல் பதிவாகும். விலாசம் தெரியாத ஆளாக இருந்தவர், இந்த ஒரு பதிலால் பேசிப் பார்க்கத் தகுந்த ஆளாகிவிட்டார்.

விற்பனைக் குழுக்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஒரு மென்பொருளில்தான் வைத்திருக்கின்றன. வரும் ஒவ்வொரு பதிலுக்கும் அங்கே ஒரு நிலை குறிக்க வேண்டும்: ஆர்வம் உண்டு, பிறகு பேசலாம், தவறான ஆள், தொடர்புகொள்ளக் கூடாது. நாம் எழுதுவதைப் படித்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர், வாய்ப்பு இருந்தால் "பிறகு பேசலாம்" என்பதைத்தான் தேர்ந்தெடுப்பார். அவர் வேலை அது. நான்காவதைத் தவிர வேறெதையும் தேர்ந்தெடுக்க முடியாதபடி எழுதுவதுதான் நாம் செய்ய வேண்டியது.

காரணம் சொல்வதுதான் முதல் தவறு

காரணம் சொல்லாமல் மறுப்பது நம்மில் பலருக்கு முரட்டுத்தனமாகத் தோன்றும். கல்யாண அழைப்புக்கு வர முடியாவிட்டால்கூட ஏன் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனால் விற்பனைப் பயிற்சியில் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. விலை அதிகம் என்றால் தள்ளுபடி, நேரம் இல்லை என்றால் பதினைந்து நிமிட டெமோ, வேறு நிறுவனத்திடம் வாங்குகிறோம் என்றால் இரண்டையும் ஒப்பிட்ட அட்டவணை. காரணம் இல்லாத மறுப்புக்கு மட்டும் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை.

இதன் தம்பிதான் பொய்க் காரணம். "இந்த முடிவெல்லாம் என் கையில் இல்லை" என்று எழுதித் தப்பிக்கப் பார்ப்பார்கள். "அப்படியானால் யாரிடம் பேச வேண்டும்?" என்று அடுத்த நாளே கேள்வி வரும். பெயர் கொடுத்தால், "உங்கள் சக ஊழியர் உங்களிடம் பேசச் சொன்னார்" என்ற முதல் வரியோடு அந்தப் பாவப்பட்டவருக்கு மெயில் போகும். ஒரு தொல்லையை இரண்டாக்கிய புண்ணியம்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல் உண்டு. "பார்க்கலாம்", "யோசித்துச் சொல்கிறேன்", "அப்புறம் பேசுவோம்" எல்லாம் நமக்குள் பேசும்போது பாதி நேரம் "இல்லை" என்றே பொருள்படும். கேட்பவருக்கும் அது புரியும். விற்பனையாளருக்கும் புரியத்தான் செய்யும். புரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம்தான் இல்லை. எழுத்தில் இருப்பது "பார்க்கலாம்" என்பதால் பார்க்கக் கேட்டு மறுபடி வருவதற்கு அவருக்கு உரிமை கிடைத்துவிடுகிறது.

அந்த இரண்டு வரி

முதல் வரியில் முடிவு, இரண்டாம் வரியில் அவர் செய்ய வேண்டிய ஒரே வேலை. மேலே பார்த்த மெயிலுக்கு இப்படி எழுதலாம்:

> வணக்கம். இந்தச் சேவை எங்கள் நிறுவனத்துக்கு வேண்டாம். இது இறுதி முடிவு.
> என் முகவரியையும் எங்கள் நிறுவனத்தையும் உங்கள் தொடர்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இந்த மெயிலுக்குப் பதில் தேவையில்லை.

முதல் வரியில் காலத்தைக் குறிக்கும் சொல் எதுவும் இல்லை. "இப்போது", "இந்த ஆண்டு", "தற்சமயம்" என்று எதைச் சேர்த்தாலும் அதற்கு ஒரு முடிவு நாள் இருப்பதாகத்தான் வாசிக்கப்படும். "எனக்கு வேண்டாம்" என்று எழுதாமல் "எங்கள் நிறுவனத்துக்கு" என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. ஒரே நிறுவனத்தில் நான்கைந்து பேருக்கு ஒரே சமயத்தில் மெயில் அனுப்புவது விற்பனையில் சாதாரணம். ஒருவர் மட்டும் மறுத்தால் அந்த ஒரு முகவரியில் மட்டும் நிற்கும், மற்றவர்களுக்குத் தொடரும். ஆனால் நிறுவனத்துக்காகப் பேசும் பொறுப்பு உங்களுக்கு இல்லாவிட்டால் அப்படி எழுதாதீர்கள். உங்கள் முகவரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வரியில் "இனி மெயில் அனுப்ப வேண்டாம்" என்று எழுதினால் போதாதா? பெரும்பாலும் போதும். "பட்டியலிலிருந்து நீக்குங்கள்" என்பது இன்னும் கெட்டி. அந்த விற்பனையாளர் வேலை மாறிப் போனாலும், அதே பட்டியலை அடுத்தவர் எடுக்கும்போது உங்கள் பெயர் அதில் இருக்காது அல்லது தடை போட்ட குறியோடு இருக்கும். "பதில் தேவையில்லை" என்பது, "ஏன் என்று தெரிந்துகொள்ளலாமா?" என்ற பதிலை முன்கூட்டியே தடுக்க.

கோபத்தை இதில் கலக்காதீர்கள். "எத்தனை முறை அனுப்புவீர்கள்?" என்பது கேள்வி, கேள்விக்கு மன்னிப்போடும் விளக்கத்தோடும் ஒரு நீண்ட பதில் வரும். அதன் கடைசி வரியில் டெமோவுக்கான இணைப்பும் இருக்கும்.

வரி சரி, அனுப்பிய விதம் தவறு

ஃபாலோ-அப் மெயில்களை யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்வதில்லை. முதல் மெயில் போகும்போதே அடுத்த நான்கைந்து மெயில்கள் சில நாள் இடைவெளியில் வரிசையாக ஏற்றப்பட்டிருக்கும். பதில் வந்தால் வரிசை தானாக நின்றுவிடும்படி இந்த மென்பொருள்களில் பொதுவாக அமைத்திருப்பார்கள். அதனால்தான் பேசாமல் இருப்பது பலன் தருவதில்லை: மௌனம் என்றால் வரிசை முடியும்வரை ஓடும். "இதுவே என் கடைசி மெயில், உங்கள் கோப்பை மூடிவிடட்டுமா?" என்பதும் அந்த வரிசையில் முன்பே எழுதி வைத்த ஒன்றுதான். சில மாதம் கழித்து வேறொரு வரிசையில் உங்களை மறுபடி ஏற்றுவதற்கு அது தடையாவதில்லை.

பதில் வந்தது என்று மென்பொருளுக்குத் தெரிய வேண்டுமானால், மெயில் உங்களுடைய எந்த முகவரிக்கு வந்ததோ அதே முகவரியிலிருந்து, அதே மெயிலுக்கு 'ரிப்ளை' கொடுக்க வேண்டும். பொது முகவரிக்கு வந்த மெயில் உங்கள் பெட்டிக்குத் திருப்பிவிடப்பட்டு, நீங்கள் சொந்த முகவரியிலிருந்து புதிய மெயிலாக மறுப்பு எழுதினால் இரண்டு கெடுதல். பழைய முகவரிக்கான வரிசை நிற்காமல் ஓடக்கூடும். இதுவரை தெரியாதிருந்த உங்கள் சொந்த முகவரியும் அவர்கள் கைக்குப் போய்விடும்.

அடுத்தது, பலரும் கவனிக்காமல் விடும் சிக்னேச்சர். பதவி, கைபேசி எண், நேரடி இணைப்பு எண் எல்லாம் மெயிலின் அடியில் தானாக ஒட்டிக்கொண்டு போகும். மெயிலில் வேண்டாம் என்றவருக்கு மறுவாரம் போனில் அழைப்பு வருவது இந்த வழியில்தான். அனுப்புவதற்கு முன் அதை அழித்துவிட்டுப் பெயரை மட்டும் விடுங்கள். விடுமுறைக்கு வைக்கும் தானியங்கிப் பதிலிலும் "அவசரத்துக்கு இன்னாரை அழைக்கவும்" என்ற வரி வெளியாட்களுக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பல மெயில் சேவைகளில் உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு பதில், வெளியாட்களுக்கு வேறு பதில் என்று வைக்க முடியும்.

மெயிலின் அடியில் சந்தாவை நீக்கும் இணைப்பு இருந்து, அனுப்பியது உண்மையான நிறுவனம்தான் என்று தெரிந்தால் அதையும் அழுத்துங்கள். பதில் மனிதருக்குப் போகிறது, இணைப்பு மென்பொருளின் தடைப்பட்டியலுக்குப் போகிறது. இரண்டும் வேறு வேறு. அனுப்பியவர் பெயர் ஒன்று, முகவரி வேறு, உங்கள் பெயரோ நிறுவனமோ எங்கும் இல்லை, திறக்கச் சொல்லும் கோப்பு ஒன்று ஒட்டியிருக்கிறது என்றால் அது விற்பனை மெயிலே இல்லாமல் இருக்கலாம். அதற்குப் பதிலும் எழுதாதீர்கள், இணைப்பையும் தொடாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பதுதான் அதன் விளைவு. ஸ்பேம் என்று குறித்துவிட்டு நகருங்கள்.

பிறகும் வந்தால்

"சரி, நன்றி" என்று ஒரு வரி வந்தால் அது ஃபாலோ-அப் இல்லை, விட்டுவிடலாம். "போகும்முன் ஒரே ஒரு கேள்வி, இப்போது யாரிடம் வாங்குகிறீர்கள்?" என்று வந்தால் அதற்கு விடை எழுதுவதுதான் கடைசிப் பெரிய தவறு. கேள்வி சின்னது, பதிலும் சின்னது, அதற்குள் உரையாடல் மறுபடி தொடங்கியிருக்கும். ஒரு வாரம் பொறுத்து இன்னொரு மெயில் வந்தால், முன்பு அனுப்பிய அதே இரண்டு வரியை, ஒரு சொல்கூட மாற்றாமல், அதே இழையில் மறுபடி அனுப்புங்கள். புதிதாக எழுத உட்கார்ந்தால் கோபமோ காரணமோ உள்ளே நுழைந்துவிடும்.

மூன்றாம் முறைக்குப் பதில் வேண்டாம், வடிகட்டி போடுங்கள். ஒரு முகவரியை மட்டும் தடுப்பது இங்கே அவ்வளவாகப் பலன் தராது. நாளை அதே நிறுவனத்தின் வேறொருவர் எழுதுவார். தவிர, இப்படி முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பும் நிறுவனங்கள், தங்கள் முதன்மை டொமைனின் பெயர் கெடாமலிருக்க அதே சாயலில் இன்னும் சில டொமைன்களை வாங்கி அவற்றிலிருந்து அனுப்புவதும் உண்டு. அதனால் @ குறிக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். ஜிமெயிலில், வந்த டொமைன்களையெல்லாம் சேர்த்துத் தேடல் பெட்டியில் இப்படிக் கொடுத்து, அந்தத் தேடலையே வடிகட்டியாக மாற்றி, நீக்கும்படி அமைக்கலாம்:

```
from:(example.com OR example.net)
```

ஆறு மாதத்தில் அந்தப் பொருள் உண்மையாகவே தேவைப்படலாம் என்று நினைத்தால் மேலே சொன்ன இரண்டு வரி உங்களுக்கானதல்ல. அப்போது எந்த மாதம் பேசலாம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். அந்த மாதம் மெயில் வந்தால் அது நீங்கள் கேட்டு வந்ததுதான்.